ஒரே தாள், மூன்று தீர்ப்புகள்: வினாத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டப் பொது வினாத்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து, ஒன்பதாம் வகுப்புக் கணித மதிப்பெண்களை உங்களுக்கு அனுப்பிவிட்டோம். இப்போது அந்த மதிப்பெண்களை வைத்து மூன்று வேலைகள் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். பாடம் முழுதும் படித்தவர் யார் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். கணிதச் சிந்தனை குறைந்தவர்களை மெல்லக் கற்போர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 40-க்குக் கீழே எடுத்தவர்களை, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் தவற வாய்ப்புள்ளவர்கள் என்று குறித்து மாலை வகுப்புக்கு அனுப்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆதாரமாக நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: "வினாத்தாள் பாட வல்லுநர்களால் சரிபார்க்கப்பட்டது."

அந்த ஒரு வரி மூன்று தீர்ப்பையும் தாங்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். பி.எட். படித்த எல்லோரும், ஒரு தேர்வு அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்று கேட்கும் ஏற்புடைமை என்ற தலைப்பில் உள்ளடக்கம், கட்டமைப்பு, அளவுகோல் என்று மூன்றை மனப்பாடம் செய்து எழுதித் தேறியவர்கள்தான். நானும் அப்படித்தான். ஆனால் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த ஏற்புடைமையைப் பற்றிய கேள்வி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. வல்லுநர் சரிபார்த்தது, நன்றாகச் செய்யப்பட்டிருந்தால், முதல் தீர்ப்புக்கு மட்டும் ஓரளவு ஆதாரம். அதுவும் எங்கே வழுக்குகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உள்ளடக்க ஏற்புடைமை கேட்பது இதுதான்: நடத்திய பாடப்பகுதிக்கு இந்தத் தாள் நேர்மையான மாதிரியா? எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் கேட்க முடியாது. எதைக் கேட்டோமோ அது கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் புளூபிரிண்ட் போடுகிறோம். ஒரு பக்கம் அலகுகள், மறுபக்கம் நினைவு, புரிதல், பயன்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மதிப்பெண். அலகுக்குச் செலவான பாடவேளைகளின் விகிதமும் மதிப்பெண்களின் விகிதமும் ஏறத்தாழ ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ஆனால் நமது தாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அச்சில் வார்த்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, எல்லாம் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் 14 கொடுத்து 10 எழுதச் சொல்கிறோம். ஐந்து மதிப்பெண் அதேபோல 14-க்கு 10. எட்டு மதிப்பெண் இரண்டு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. எழுதுவது 100 மதிப்பெண்ணுக்கு. அச்சிட்டிருப்பது 144 மதிப்பெண்ணுக்கு. உங்கள் புளூபிரிண்ட் கூட்டிக் காட்டுவது அந்த 144-ஐ. மாணவர் சந்திப்பதோ தாம் தேர்ந்தெடுத்த 100-ஐ.

இதன் விளைவை ஒரு கற்பனைத் தாளில் பார்ப்போம். மெய்யெண்கள் அலகிலிருந்து ஒரு மதிப்பெண் 4, இரண்டு மதிப்பெண் 4, ஐந்து மதிப்பெண் 4 கேட்டிருக்கிறோம். இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் எழுதியே ஆக வேண்டிய கட்டாய வினாக்கள் வேறு அலகுகளில் இருக்கின்றன. கணக்குப்படி இந்த அலகுக்கு 32 மதிப்பெண், அதாவது அச்சிட்டதில் 22 விழுக்காடு. வல்லுநர் பார்த்தால் நிறைவாகத் தலையசைப்பார். இப்போது மெய்யெண்களை அறவே படிக்காத ஒரு மாணவி வருகிறாள். இரண்டு மதிப்பெண்ணில் அந்த நான்கையும் விடுகிறாள். ஐந்து மதிப்பெண்ணிலும் அந்த நான்கையும் விடுகிறாள். மீதம் சரியாகப் பத்துப் பத்து. அவளுக்கு உண்மையில் இழப்பு நான்கு ஒரு மதிப்பெண் வினாக்கள்தான். அதிலும் நான்கு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறிக்கலாம். ஓர் அலகைத் தொடாமலே 96 எடுக்க வழியிருக்கிறது. "பாடம் முழுதும் படித்தவள்" என்று பெற்றோரிடம் நான் சொன்னால் அது பொய். அடுத்த ஆண்டு உயரங்களும் தொலைவுகளும் கணக்கில் √3 வந்து நிற்கும்போதுதான் முறுடுகளே அவளுக்குத் தெரியாது என்பது வெளியே வரும்.

சலுகை வினாக்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே அலகுக்குள், ஒரே படித்தரத்தில் 'அல்லது' கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. முறுடுக் கணக்குக்கு மாற்றாக இன்னொரு முறுடுக் கணக்கு இருக்கட்டும். இன்னொரு சிறு சோதனையும் உண்டு. புளூபிரிண்ட்டைப் போட்டவர் அல்லாத இரண்டு ஆசிரியர்களிடம் தாளை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு வினாவும் எந்த அலகு, எந்தப் படித்தரம் என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அலகில் பெரிதாக வேறுபட மாட்டார்கள். புரிதலா பயன்பாடா என்பதில்தான் முட்டிக்கொள்வார்கள். அப்படி முட்டும் வினாக்கள் எவை என்று பாருங்கள். பெரும்பாலும் அவை பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்கை எண்கூட மாற்றாமல் எடுத்தவையாக இருக்கும். தாளைத் தயாரித்தவருக்கு அது பயன்பாடு. கைடு வைத்திருக்கும் பிள்ளைக்கு அது நினைவு.

இந்த இடத்தில் பேச்சு உள்ளடக்கத்தைத் தாண்டிவிட்டது. வினா எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்பது போய், அதற்கு விடை எழுதும்போது பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது வந்துவிட்டது. கட்டமைப்பு ஏற்புடைமை அங்கேதான் தொடங்குகிறது. 'கணிதச் சிந்தனை' என்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை. உயரத்தைப் போல் அளவுநாடா பிடித்து அளக்க முடியாது. விடைத்தாளில் தெரிவதை வைத்து, தெரியாத ஒன்றை ஊகிக்கிறோம். அந்த ஊகம் சரிதானா என்பதுதான் கேள்வி. 1955-இல் அமெரிக்க உளவியலாளர்கள் லீ குரோன்பாக்கும் பால் மீலும் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: அளக்க நினைக்கும் திறன் எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் ஒரு கருத்து வேண்டும், அந்தக் கருத்திலிருந்து கிளைக்கும் எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே எண்ணால் முடிகிற காரியம் அல்ல.

வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? கணமொழியிலிருந்து ஒரு கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 40 பேரில் 24 பேர் கபடி ஆடுகிறார்கள், 21 பேர் கோ-கோ ஆடுகிறார்கள், 9 பேர் இரண்டும் ஆடுகிறார்கள். எதுவும் ஆடாதவர் எத்தனை பேர்? 24-ஐயும் 21-ஐயும் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட 9-ஐக் கழித்தால் 36. ஆக, எதுவும் ஆடாதவர் 4 பேர்.

இதே கணக்கைத் தேர்வுத்தாளில் நாம் எப்படிக் கேட்போம்? "பொங்கல் விழாவை முன்னிட்டு ஊராட்சி விளையாட்டு மன்றத்தில் பெயர் பதிவு செய்துள்ள 40 இளைஞர்களுள் 24 பேர் கபடியிலும் 21 பேர் கோ-கோவிலும் ஆர்வமுடையோராகவும், அவர்களுள் 9 பேர் இவ்விரு விளையாட்டுகளிலும் ஆர்வமுடையோராகவும் விளங்குகின்றனரெனில், எவ்விளையாட்டிலும் ஆர்வமற்றோரின் எண்ணிக்கையைக் காண்க." அப்பாடா. எழுதிய எனக்கே மூச்சு வாங்குகிறது. இந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பொருள் கொள்ளத் தெரியாத பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அவர்கள் வினாவை வெறுமையாக விட்டுவிட்டால், விட்டது கணிதமா, தமிழ் வாசிப்பா?

கண்டுபிடிக்க வழி எளிது. அந்த வினாவில் பூஜ்ஜியம் வாங்கிய பிள்ளைகளை இரண்டு நாள் கழித்து உட்காரவைத்து, எண்களை மாற்றி மூன்று விதமாகக் கேளுங்கள். முதலில் வெறும் குறியீடாக: n(A), n(B), n(A∩B) கொடுத்து n(A∪B) கேட்பது. அடுத்து வென்படம் வரைந்து கொடுத்து, ஒரு பகுதியை வெறுமையாக விடுவது. கடைசியாக அந்த நீண்ட வாக்கியத்தை நீங்களே வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுவது. வாசித்துக் காட்டியதும் போட்டுவிடும் பிள்ளைக்குக் கணிதச் சிந்தனை குறைவு என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். அந்தப் பிள்ளைக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. அதைக் கணக்கு வகுப்பில் உட்காரவைத்து இன்னும் முப்பது கணக்குப் போடச் சொன்னால், இன்னும் முப்பது வாக்கியங்களில் தடுமாறும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. குறியீட்டுக் கேள்விக்குச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம், "கபடி மட்டும் ஆடுபவர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். 24 என்று சட்டென்று சொன்னால், சூத்திரம் இருக்கிறது, கணம் இல்லை. 'மட்டும்' என்றதும் 24-லிருந்து 9-ஐக் கழித்து 15 என்று சொல்பவர்தான் வென்படத்தை மனதில் பார்க்கிறவர். தாள் முழுக்கச் சூத்திரத்தில் முடியும் வினாக்களாக இருந்தால், நாம் அளக்க நினைத்த திறனின் முக்கியமான பகுதி தாளுக்குள்ளேயே வரவில்லை.

கட்டமைப்பு ஏற்புடைமை பழுதாவது இந்த இரண்டு வழிகளில்தான்: அளக்க வேண்டியது விடுபட்டுப்போவது, அளக்கக் கூடாதது உள்ளே புகுந்துவிடுவது. இதில் எதையும் புளூபிரிண்ட் காட்டிக்கொடுக்காது. மேலே சொன்ன மூன்று வடிவமும் புளூபிரிண்ட்டில் ஒரே கட்டத்தில், 'கணமொழி, பயன்பாடு' என்று உட்கார்ந்திருக்கும். உள்ளடக்க ஏற்புடைமை நூற்றுக்கு நூறு இருக்கும் ஒரு தாள் கட்டமைப்பில் கோட்டைவிடுவது இப்படித்தான்.

வகுப்பு முழுதுக்கும் பார்க்க வேண்டுமானால் இன்னொரு ஒப்பீடு உதவும். கணிதத் தாளின் வரிசை எதோடு நெருக்கமாகப் போகிறது? கணிதத்தை வேறு வழியில் அளந்த ஒன்றோடு, அதாவது வாய்மொழிக் கணக்கு, கரும்பலகையில் செய்துகாட்டல் போன்றவற்றோடு நெருக்கமாக இருக்க வேண்டும். தமிழ் வாசிப்பு மதிப்பெண்ணோடு அதைவிடக் குறைவான நெருக்கமே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் தாளைச் சந்தேகியுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் மேலே இருப்பது வழக்கம் என்பதால் தமிழோடு உறவே இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. எது அதிகம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி மூன்றாவது தீர்ப்பு: 40-க்குக் கீழே எடுத்தவர் அடுத்த ஆண்டு தவறுவார். இது அளவுகோல் ஏற்புடைமையின் களம். இங்கே தாளுக்கு வெளியே ஓர் அளவுகோல் இருக்கிறது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் 35 எடுப்பது. இந்தத் தாள் அதை முன்கூட்டிச் சொல்கிறதா என்பதை எந்த வல்லுநரும் வினாக்களை உற்றுப் பார்த்துச் சொல்ல முடியாது. மதிப்பெண்ணையும் பின்னால் வந்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டு பதிவேடுகளும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை எண்களைக் கொண்டு காட்டுகிறேன். வகுப்பில் 40 பேர். காலாண்டில் 40-க்குக் கீழே எடுத்தவர்கள் 16 பேர். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் தவறியவர்கள் மொத்தம் 8 பேர். அவர்களில் 5 பேர் அந்த 16-க்குள் இருக்கிறார்கள், 3 பேர் மேலே இருந்த 24-க்குள் இருக்கிறார்கள். இப்போது இரண்டு கேள்விகள். தவறப்போகிறவர்களில் எத்தனை பேரை நமது கோடு பிடித்தது? எட்டில் ஐந்து. கோட்டுக்குக் கீழே நிறுத்தியவர்களில் எத்தனை பேர் உண்மையில் தவறினார்கள்? பதினாறில் ஐந்து. பதினோரு பேர் தேறிவிட்டார்கள். கோட்டை 50-க்கு உயர்த்தினால் 22 பேர் கீழே வருகிறார்கள், தவறியவர்களில் 7 பேர் பிடிபடுகிறார்கள் என்று வையுங்கள். அப்போது தேவையின்றி நிறுத்தப்படுகிறவர்கள் 15 பேர். மாலை வகுப்பு ஓர் உதவி மட்டும் என்றால் 50-இல் நிறுத்தலாம். பெயருக்கு ஒரு முத்திரை விழும் என்றால் அந்தப் 15 பேரை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு சரி என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. எந்தக் கோட்டுக்கு என்ன விலை என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் 40 என்று போட்டபோது இந்த விலையை யாராவது பார்த்தார்களா என்பதே எனக்குத் தெரிய வேண்டியது.

இந்தக் கணக்கிலும் கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த 16 பேரை நாம் சும்மா விடவில்லை. மாலை வகுப்பு நடத்தினோம். 11 பேர் தேறியது தாள் தவறாகச் சொன்னதாலா, வகுப்பு பலித்ததாலா? உதவி நன்றாக வேலை செய்யச் செய்ய, தாளின் முன்கணிப்பு மோசமாகத் தெரியும். மாலை வகுப்புத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுப் பதிவேட்டில் இதே ஒப்பீட்டைச் செய்து பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். இரண்டாவது, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகள். அவர்கள் பொதுத்தேர்வு எழுதவே இல்லை, ஆகவே நமது அட்டவணையில் இல்லை. குறைந்த மதிப்பெண்காரர்களே அதிகம் நின்றிருந்தால், எஞ்சியவர்களை வைத்துப் போட்ட கணக்கு தாளின் முன்கணிப்புத் திறனைக் குறைத்துக் காட்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களின் முடிவை அடுத்த பள்ளியில் கேட்டு வாங்கலாம். இடைநின்றவர்களைத் தனி வரிசையில் காட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது கண்ணிதான் எனக்கு மிகவும் உறுத்துவது. இரண்டு மதிப்பெண்களும் அழகாக ஒத்துப்போகின்றன என்றே வைத்துக்கொள்வோம். நமது தாள் கைடு கணக்குகளால் ஆனது, அதில் நன்றாக எழுதுகிறவர் கைடை மனப்பாடம் செய்தவர். அளவுகோலாக வைக்கும் தேர்விலும் பழகிய கணக்குகளே அதிகம், அங்கும் அதே நான்கை விட்டுவிடும் சலுகை உண்டு என்றால், இரண்டும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? முன்கணிப்பு பிரமாதமாக இருக்கும். அதை வைத்து "ஆகவே இந்தத் தாள் கணிதச் சிந்தனையை அளக்கிறது" என்று நீங்கள் அடுத்த சுற்றறிக்கையில் எழுதினால், அளவுகோல் ஏற்புடைமையின் ஆதாரத்தைக் கொண்டுபோய்க் கட்டமைப்பு ஏற்புடைமையின் கணக்கில் வரவு வைத்ததாகும். தேறுவாரா என்பதற்கு மட்டும் அது பதில். ஏன் தேறுகிறார் என்பதற்கு அது பதிலே இல்லை. அளவுகோலும் ஒரு தேர்வுதானே. அதுவும் இதே கேள்விகளுக்கு உட்பட்டதுதான்.

வரலாற்றில் இந்தப் பிரிவினைக்கு ஒரு பயணம் உண்டு. 1954-இல் அமெரிக்க உளவியல் சங்கம் நான்காகப் பிரித்தது: உள்ளடக்கம், முன்கணிப்பு, உடனிகழ்வு, கட்டமைப்பு. 1966-இல் நடுவிலுள்ள இரண்டையும் சேர்த்து அளவுகோல் என்று ஒன்றாக்கியதால்தான் நாம் மூன்று என்று படித்தோம். 1999-க்குப் பிறகு அங்கே ஏற்புடைமை ஒன்றுதான், ஆதாரங்கள்தான் பலவகை என்று பேசுகிறார்கள். தாளுக்கு ஏற்புடைமை இருக்கிறதா என்று கேட்காமல், மதிப்பெண்ணுக்கு நாம் தரும் பொருளுக்கும் அதை வைத்துச் செய்யும் காரியத்துக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நமது பி.எட். விடைத்தாளுக்கு மூன்று போதும். ஆனால் சுற்றறிக்கை எழுதும்போது அந்தக் கடைசிக் கேள்விதான் தேவை.

அரையாண்டுத் தாளுக்கான உங்கள் கூட்டம் விரைவில் நடக்கும். என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. புளூபிரிண்ட்டில் இன்னொரு நிரல் சேருங்கள்: சலுகையைப் பயன்படுத்தினால் அந்த அலகில் மாணவர் எழுதியே ஆக வேண்டிய மதிப்பெண் எவ்வளவு என்று. அது ஒற்றை இலக்கத்தில் இருந்தால் 'அல்லது' வினாவை அலகுக்குள் கொண்டுவாருங்கள். வாக்கியக் கணக்குகளைத் தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து, எண்ணும் பொருளும் மாறாமல் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து வாங்குங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கு வந்தால் எண்ணையாவது மாற்றுங்கள், முடிந்தால் கேட்கும் பொருளையே மாற்றுங்கள். மெல்லக் கற்போர் பதிவேட்டில் ஏற்றுமுன், வாசித்துக் காட்டிக் கேட்டோமா என்று ஒரு கட்டம் வையுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். 40 என்ற கோட்டைப் பொறுத்தவரை, விருப்பமுள்ள பள்ளிகளிடமிருந்து சென்ற ஆண்டுகளின் இரண்டு பதிவேடுகளையும் பெயரில்லாமல் வாங்கி, கோட்டுக்குக் கீழே, மேலே, தேறியவர், தவறியவர் என்ற நாலு கட்ட அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியின் பட்டியலை, பெயர்களை நீக்கி, இடைநின்றவர்களைத் தனியே குறித்து, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். அட்டவணை வரும்வரை, 40-க்குக் கீழே எடுத்தவர்களை மாலை வகுப்புக்குக் கூப்பிடுகிறோம். 'தவற வாய்ப்புள்ளவர்' என்ற நிரலை மட்டும் நிரப்பாமல் அனுப்ப அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கணிதப் பட்டதாரி ஆசிரியர்